சதுர அடி 6,200 மலிவா, 6,900 மலிவா? வீட்டு விலையைக் கார்பெட் ஏரியாவில் பிரித்துப் பார்க்கும் முறை

கேள்வி: சென்னை மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கம் கட்டிக்கொண்டிருக்கும் இரண்டு 2 பெட்ரூம் வீடுகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று சதுர அடி 6,200 ரூபாய், 1,180 சதுர அடி. இன்னொன்று 6,900 ரூபாய், 1,010 சதுர அடி. முதல் வீடு பெரியது, ரேட்டும் குறைவு. ஆனால் உள்ளே அளவு ஏறக்குறைய ஒன்றுதான் என்று வீட்டில் சொல்கிறார்கள். கார்பெட், பில்ட்-அப், சூப்பர் பில்ட்-அப் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை வைத்து ஒப்பிடுவது?

பதில்:

வீட்டில் சொல்வது சரியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அந்த 6,200, 6,900 இரண்டையும் முதலில் ஓரமாக வையுங்கள். சாவி கையில் வரும் வரை பில்டருக்குப் போகும் மொத்தத் தொகையை, ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் வரையறைப்படியான கார்பெட் ஏரியாவால் வகுத்து வரும் எண்ணை வைத்துத்தான் இரண்டு வீடுகளை ஒப்பிட முடியும். விளம்பர ரேட்டை எந்தப் பரப்பால் பெருக்குகிறார்கள் என்பது பில்டருக்குப் பில்டர் மாறும். அதனால் ரேட்டை மட்டும் பார்த்து எது மலிவு என்று சொல்ல வழியே இல்லை.

நீங்கள் கொடுத்த ரேட்டும் பரப்பும் அப்படியே இருக்கட்டும். நீங்கள் சொல்லாத மற்ற விவரங்களுக்கு, இந்த மாதிரி கட்டடங்களில் சாதாரணமாகக் காணும் அளவில் எண்களை வைத்துக் கணக்குப் போடுகிறேன். உங்கள் பில்டர்கள் எழுதித் தரும் எண்களை அந்தந்த இடத்தில் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வீட்டின் பிளானை எடுத்து, உள்ளிருந்து வெளியே ஒவ்வொரு அடுக்காகப் போவோம். ஹாலும் டைனிங்கும் சேர்ந்து 11 அடிக்கு 21 அடி, அதாவது 231 சதுர அடி. பெரிய பெட்ரூம் 11க்கு 14, அது 154. சின்னது 11க்கு 12, அது 132. சமையலறை 8க்கு 9, அது 72. இரண்டு பாத்ரூம், ஒவ்வொன்றும் 5க்கு 8, சேர்த்து 80. வாசலை ஒட்டிய இடம் 24, பெட்ரூம்களுக்குப் போகும் நடை 34. மொத்தம் 727 சதுர அடி. சுவருக்குச் சுவர் டேப் பிடித்தால் கிடைப்பது இதுதான்.

அறைகளுக்கு நடுவே இருக்கும் தடுப்புச் சுவர்களும் தரையில் இடம் பிடிக்கின்றன. 4 அங்குல பிளாக் சுவர் பூச்சோடு சேர்த்து 5 அங்குலம் வரும். இந்த அளவு வீட்டில் அப்படிப்பட்ட சுவர் ஏறக்குறைய 80 அடி ஓடும். அது 33 சதுர அடி. 727ஐயும் 33ஐயும் கூட்டினால் 760. ரெரா சொல்லும் கார்பெட் ஏரியா இந்த 760தான். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறை இப்படிப் போகிறது: வீட்டுக்குள் பயன்படுத்தக்கூடிய நிகரத் தரைப்பரப்பு, உள் தடுப்புச் சுவர்கள் அதில் சேரும், வெளிச்சுவர்கள், குழாய் ஓடும் டக்ட், அந்த வீட்டுக்கே உரிய பால்கனி அல்லது வராண்டா, அந்த வீட்டுக்கே உரிய திறந்த மொட்டைமாடி ஆகியவை சேராது. உள்சுவர் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அறை அளவுகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு, 33 சதுர அடி குறைகிறது, ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போவது இதனால்தான். அந்த வித்தியாசம் நியாயமானது. 100 குறைந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

அடுத்த அடுக்கு வெளிச்சுவர், டக்ட், பால்கனி. பக்கத்து வீட்டோடு பொதுவாக இருக்கும் சுவரில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால், வெளிச்சுவரும் டக்ட்டும் சேர்ந்து 70 சதுர அடி. ஹால் பால்கனி 32, சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் யூட்டிலிட்டி 18, இரண்டும் சேர்த்து 50. ஆக 880. இதுதான் பில்ட்-அப் ஏரியா. சென்னையில் பழைய ஆட்கள் பிளின்த் ஏரியா என்று சொல்வதும் பெரும்பாலும் இதைத்தான்.

880க்கும் 1,180க்கும் நடுவே இருக்கும் 300 சதுர அடி பொது இடத்தில் உங்கள் வீட்டின் பங்காகக் காட்டப்படுவது. படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை, வாட்ச்மேன் அறை, ஜெனரேட்டர் அறை, கிளப் ஹவுஸ் எல்லாம் இதில் வரும். இதைச் சேர்த்தால் சூப்பர் பில்ட்-அப். சிலர் சேலபிள் ஏரியா என்பார்கள். கார்பெட் ஏரியாவுக்குச் சட்டத்தில் வரையறை இருக்கிறது. சூப்பர் பில்ட்-அப்புக்கு அந்தச் சட்டத்தில் வரையறையே கிடையாது. ஒரு பில்டர் சம்ப்பையும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியையும் சேர்ப்பார், இன்னொருவர் சேர்க்க மாட்டார். 1,180 என்பது அளந்து வந்த எண் என்பதைவிட, பில்டர் முடிவு செய்த எண் என்பதே பொருத்தம்.

இரண்டாவது வீட்டையும் இதே மாதிரி பிரித்தால் கார்பெட் 735, வெளிச்சுவரும் டக்ட்டும் 60, பால்கனி 35, ஆக பில்ட்-அப் 830. பொது இடப் பங்கு 180. சூப்பர் பில்ட்-அப் 1,010. விளம்பரத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவே 170 சதுர அடி வித்தியாசம் தெரிகிறது. கார்பெட்டில் அது 25 சதுர அடிதான், 5 அடிக்கு 5 அடி. பீரோ வைத்துவிட்டு அதன் முன் நிற்கும் இடம் அவ்வளவு இருக்கும்.

பொது இடம் எவ்வளவு சதவீதம் என்று கேட்டால் வரும் பதிலில் ஒரு குழப்பம் இருக்கிறது. முதல் வீட்டில் பொது இடம் 300. அதை 1,180ஆல் வகுத்தால் 25 சதவீதம். 880ஆல் வகுத்தால் 34 சதவீதம். கார்பெட்டுக்கு மேலே எவ்வளவு ஏற்றியிருக்கிறார்கள் என்று பார்த்தால், 760க்கு மேலே 420, அதாவது 55 சதவீதம். மூன்றும் கணக்குப்படி சரி. எங்களிடம் காமன் ஏரியா 25 சதவீதம்தான் என்று சேல்ஸ் ஆபீசில் சொல்பவர் பொய் சொல்லவில்லை. வேறொரு பில்டர் தன்னுடைய 30 சதவீதத்தை பில்ட்-அப்பின் மேல் கணக்கிட்டுச் சொல்லியிருந்தால், உண்மையில் அவரிடம்தான் பொது இடம் குறைவு. ஆகவே சதவீதத்தைக் கேட்காதீர்கள். கார்பெட், பால்கனி, வெளிச்சுவர், பொது இடப் பங்கு என்று தனித்தனியாகச் சதுர அடியில் எழுதிக் கேளுங்கள். வகுப்பதை நீங்களே செய்துகொள்ளலாம்.

பொது இடம் அதிகமாக இருப்பதே தவறு என்றும் சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டு விதிகளில் 18.30 மீட்டர் உயரத்தைத் தாண்டினால் அது உயர்மாடிக் கட்டடம். அதற்குத் தீயணைப்பு ஏற்பாடு, கூடுதல் படிக்கட்டு, லிஃப்ட் எல்லாம் கூடும், பொது இடமும் கூடத்தான் செய்யும். ஸ்டில்ட் பார்க்கிங் மேல் நான்கு மாடி உள்ள கட்டடத்தில் ஒரு படிக்கட்டும் ஒரு லிஃப்ட்டும் போதும். நான்கு மாடிக் கட்டடத்தில் பில்ட்-அப்பின் மேல் 34 சதவீதம் ஏற்றியிருந்தால் அங்கேதான் விளக்கம் கேட்க வேண்டும். நடைபாதை அகலமும் லிஃப்ட் எண்ணிக்கையும் பிளானில் தெரியும். அந்த அளவுக்கு இடம் அங்கே இருக்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

இப்போது விலைக்கு வருவோம். முதல் வீடு 1,180ஐ 6,200ஆல் பெருக்க 73,16,000 ரூபாய். இரண்டாவது 1,010ஐ 6,900ஆல் பெருக்க 69,69,000. கார்பெட்டால் வகுத்தால் முதல் வீடு சதுர அடி 9,626, இரண்டாவது 9,482. இங்கேயே வரிசை தலைகீழாகிவிட்டது. 700 ரூபாய் மலிவு என்று தெரிந்த வீடு 144 ரூபாய் அதிகமாகிவிட்டது.

ஆனால் இது இன்னும் பாதிக் கணக்குதான். ரேட்டைக் குறைத்துக் காட்டும் பில்டர்கள் பலர் மீதியை வேறு தலைப்புகளில் வாங்குவார்கள். அந்தத் தலைப்புகளில் சில மறுபடியும் சூப்பர் பில்ட்-அப் சதுர அடிக்கு இவ்வளவு என்றே வரும். முதல் வீட்டில் மாடி ஏற ஏறக் கட்டணம், முதல் மாடிக்கு மேலே ஒவ்வொரு மாடிக்கும் சதுர அடிக்கு 30 ரூபாய் என்று வையுங்கள். ஐந்தாம் மாடி என்றால் 120 ரூபாய். அது 1,180 சதுர அடிக்கும் பொருந்தும், ஆக 1,41,600. மின் இணைப்பு, குடிநீர், கழிவுநீர் இணைப்புக்குச் சதுர அடிக்கு 150, அது 1,77,000. மூடிய கார் பார்க்கிங் 3,50,000. கிளப் ஹவுஸ் 1,25,000. இவற்றின் கூட்டு 7,93,600. வீட்டு விலையோடு சேர்த்தால் 81,09,600. இதற்கு 5 சதவீத ஜிஎஸ்டி 4,05,480. மொத்தம் 85,15,080.

இரண்டாவது வீட்டில் மாடிக் கட்டணம் இல்லை, கிளப் ஹவுஸ் இல்லை. பார்க்கிங் 3,00,000, இணைப்புகளுக்கு மொத்தமாக 2,00,000. ஆக 74,69,000. ஜிஎஸ்டி 3,73,450. மொத்தம் 78,42,450.

கார்பெட்டால் வகுங்கள். முதல் வீடு சதுர அடி 11,204. இரண்டாவது 10,670. வித்தியாசம் 534 ரூபாய், அதுவும் 6,900 ரேட் சொன்ன வீடுதான் மலிவு.

பத்திரப் பதிவுச் செலவை இதில் சேர்க்கவில்லை. இரண்டு வீடும் ஒரே விலை வரம்பில் இருப்பதால் வரிசையை அது மாற்றாது. பின்னால் குடியிருப்போர் சங்கத்துக்குப் போகும் கார்பஸ் ஃபண்டையும் விலையில் சேர்க்க வேண்டாம். ஆனால் கையிலிருந்து போகும் பணம்தான் என்பதால் தனியாகக் குறித்து வையுங்கள். பார்க்கிங் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. திறந்தவெளி பார்க்கிங், சட்டப்படி பொது இடம். அதை உங்களுக்குத் தனியாக விற்க முடியாது. பட்டியலில் பார்க்கிங் என்று மொட்டையாக இருந்தால் மூடியதா, திறந்ததா என்று எழுதச் சொல்லுங்கள்.

ஜிஎஸ்டியிலும் கார்பெட் ஏரியா நுழைகிறது. கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு, சென்னை போன்ற பெருநகரங்களில் கார்பெட் 60 சதுர மீட்டருக்குள்ளும், மற்ற ஊர்களில் 90 சதுர மீட்டருக்குள்ளும், விலை 45 லட்சத்துக்குள்ளும் இருந்தால் 1 சதவீதம். இல்லையென்றால் 5 சதவீதம். 60 சதுர மீட்டர் என்பது 646 சதுர அடி. உங்கள் இரண்டு வீடும் பரப்பிலும் விலையிலும் அந்த வரம்பைத் தாண்டுவதால் 5 சதவீதம்தான். நிறைவுச் சான்று வாங்கியபின் விற்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. எனவே கட்டி முடித்த வீட்டையும் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டையும் ஒப்பிடும்போது ஜிஎஸ்டி சேர்த்த தொகையைத்தான் வகுக்க வேண்டும்.

ரெரா கார்பெட்டில் பால்கனி சேராததால், கார்பெட் ரேட்டை மட்டும் பார்ப்பது பால்கனி பெரிதாக உள்ள வீட்டுக்கு அநியாயமாகப் போகலாம். பால்கனியில் பாதியைக் கார்பெட்டோடு கூட்டி இன்னொரு முறை வகுத்துப் பாருங்கள். பாதி என்பது சட்டம் சொல்வது இல்லை, ஒப்பிடுவதற்கு நான் சரியென்று கருதும் எடை. முதல் வீடு 785ஆல் வகுக்க 10,847. இரண்டாவது 752.5ஆல் வகுக்க 10,422. இன்னமும் இரண்டாவதுதான் குறைவு. இரண்டு முறையிலும் ஒரே வீடு முன்னால் நின்றால் முடிவில் சந்தேகம் வேண்டாம். ஒவ்வொரு முறைக்கு ஒவ்வொரு வீடு முன்னால் வந்தால், விலையில் இரண்டும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டு வேறு காரணங்களைப் பாருங்கள்.

இதைவிடக் கூர்மையான கணக்கு ஒன்று உண்டு. இரண்டு மொத்தத் தொகைக்கும் வித்தியாசம் 6,72,630 ரூபாய். அந்தப் பணத்துக்கு முதல் வீட்டில் கூடுதலாக உள்ளே கிடைப்பது 25 சதுர அடி கார்பெட், 15 சதுர அடி பால்கனி. பால்கனியை இலவசம் என்று வைத்தாலும் கூடுதல் கார்பெட் சதுர அடி ஒவ்வொன்றும் ஏறக்குறைய 26,900 ரூபாய். அந்த விலைக்கு யாரும் வெறும் தரையை வாங்க மாட்டார்கள். ஆகவே அந்த 6.7 லட்சம் கிளப் ஹவுஸுக்கும், லிஃப்ட்டுக்கும், உயரத்துக்கும், சூழலுக்கும் போகிறது. அவை உங்கள் குடும்பத்துக்கு அவ்வளவு பெறுமா என்பதுதான் நீங்கள் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். பெறும் என்றால் தாராளமாக முதல் வீட்டை வாங்கலாம். பெரிய வீடு, குறைந்த ரேட் என்ற நினைப்பில் வாங்கக் கூடாது என்பதுதான் என் கவலை.

சூப்பர் பில்ட்-அப் வாங்கும் நாளோடு உங்களை விடாது. மாதப் பராமரிப்பைப் பெரும்பாலான இடங்களில் அந்தப் பரப்பின் மேல்தான் போடுகிறார்கள். முதல் வளாகத்தில் சதுர அடிக்கு 4.50 ரூபாய் என்றால் மாதம் 5,310. இரண்டாவதில் 3.50 என்றால் 3,535. ஆண்டுக்கு 21,300 ரூபாய் வித்தியாசம், வருடா வருடம். உள்ளே புழங்கும் இடம் மட்டும் ஏறக்குறைய அதேதான்.

இந்தக் கணக்கு முழுவதும் 760, 735 என்ற இரண்டு எண்களின் மேல் நிற்கிறது. அவை சரியா என்று பார்க்க வேண்டும். முதலில் தமிழ்நாடு ரெரா ஆணையத்தின் இணையதளத்தில் அந்தத் திட்டத்தின் பதிவைத் திறங்கள். வீடுகளின் எண்ணிக்கை, வகை, கார்பெட் ஏரியா, தனிப் பால்கனி, தனி மொட்டைமாடிப் பரப்பு ஆகியவற்றைப் பதிவின்போது பில்டர் அறிவித்தே ஆக வேண்டும். அங்கே சதுர மீட்டரில் இருந்தால் 10.764ஆல் பெருக்குங்கள். 70.6 சதுர மீட்டர் என்றால் 760 சதுர அடி. புரோஷரில் 760 என்றும் பதிவில் 68 சதுர மீட்டர் என்றும் இருந்தால் 28 சதுர அடி எங்கோ கூட்டப்பட்டிருக்கிறது.

அப்படிக் கூட்டப்படும் இடம் பெரும்பாலும் யூட்டிலிட்டிதான். நம் வீட்டில் 18 சதுர அடி யூட்டிலிட்டியைப் பால்கனியோடு வைத்தோம். அதைச் சமையலறையின் பகுதி என்று கார்பெட்டில் சேர்த்தால் 760 உடனே 778 ஆகிவிடும், கார்பெட் ரேட்டும் 11,204லிருந்து 10,945க்கு இறங்கிவிடும். பாதித் தடுப்புச் சுவரும் கிரில்லும் மட்டும் உள்ள யூட்டிலிட்டியா, நாலு பக்கமும் சுவரும் ஜன்னலும் உள்ளதா என்று பிளானில் பாருங்கள். எப்படி எடுத்தாலும் சரி, இரண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரி எடுங்கள். யூசபிள் ஏரியா என்று போட்டுப் பால்கனியையும் உள்ளே சேர்த்திருக்கும் புரோஷர்களும் உண்டு. கார்பெட் என்ற சொல் இல்லாத எண்ணைக் கார்பெட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பிறகு, மேலே செய்ததுபோல் அறை அளவுகளைக் கூட்டிப் பாருங்கள். அந்தக் கூட்டு ரெரா கார்பெட்டைவிட ஏறக்குறைய 4, 5 சதவீதம் குறைவாக இருந்தால் அது உள்சுவர். பிளானில் உள்ள அளவு பெரும்பாலும் பூச்சுக்கு முந்திய அளவு. ஒரு பக்கம் 12 மில்லிமீட்டர் பூச்சு என்றால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறக்குறைய ஓர் அங்குலம். 10 அடி அறை கட்டி முடித்தபின் 9 அடி 11 அங்குலமாக இருப்பது குறையில்லை. 9 அடி 7 அங்குலமாக இருந்தால் சுவர் நகர்ந்திருக்கிறது.

மாதிரி வீட்டையோ கட்டி முடித்த வீட்டையோ பார்க்கும்போது டேப் கொண்டுபோங்கள். டேப் இல்லாமல் டைல்ஸ் எண்ணிக் கணக்கிடுவது உண்டு. அதில் ஒரு பிழை நுழைகிறது. 2க்கு 2 என்று கடையில் சொல்லும் டைல் உண்மையில் 60 சென்டிமீட்டர், அதாவது 1.97 அடி. ஒரு டைல் 4 சதுர அடி இல்லை, 3.875தான். நம் ஹாலில் நீளவாக்கில் 10 முழு டைலும் 40 சென்டிமீட்டர் துண்டும், அகலவாக்கில் 5 முழு டைலும் 35 சென்டிமீட்டர் துண்டும் வரும். சென்டிமீட்டரில் போட்டால் 231 சதுர அடி சரியாக வரும். டைலை 2 அடி என்று வைத்தால் 238 காட்டும். வீடு முழுக்க இந்த 3 சதவீதம் சேர்ந்தால், உண்மையில் குறைவாக உள்ள வீடுகூடச் சரியாக இருப்பதுபோல் தோன்றும். மாதிரி வீட்டில் இன்னொன்றையும் கவனியுங்கள். வெளிச்சுவருக்குப் பதில் மெல்லிய பலகைத் தடுப்பு வைத்திருந்தால் அறை பெரிதாகத் தெரியும், அங்கே அளந்து பயனில்லை.

ஒப்பந்தத்தில் என்ன எழுதப்படுகிறது என்பதும் இந்தக் கணக்கின் பகுதிதான். வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்குவதற்கு முன் எழுத்து ஒப்பந்தம் போட்டு அதைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அதில் கார்பெட் ஏரியா எண்ணாக இருக்க வேண்டும், பால்கனி தனியாக இருக்க வேண்டும், விலை கார்பெட்டின் மேல் கணக்கிடப்பட்டது என்ற வரியும் இருக்க வேண்டும். காரணம், வீடு கைக்கு வரும்போது கார்பெட் 760க்குப் பதில் 742 வந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 18 சதுர அடி குறைவு. ஒப்பந்தத்தில் சூப்பர் பில்ட்-அப் ரேட் மட்டும் இருந்தால், 18ஐ 6,200ஆல் பெருக்கி 1,11,600 தருகிறேன் என்பார்கள். அல்லது சூப்பர் பில்ட்-அப் 1,180 அப்படியே இருக்கிறது, எதுவும் குறையவில்லை என்பார்கள். கார்பெட் ரேட் எழுதியிருந்தால் வீட்டு விலையின்படி 9,626ஆல் பெருக்க வேண்டும், அது 1,73,268. கூடினால் எத்தனை சதவீதம் வரைதான் கூடுதல் பணம் கேட்கலாம் என்பதும் எண்ணாக இருக்கட்டும். மாதிரி ஒப்பந்தங்களில் 3 சதவீதம் என்ற வரம்பைக் காணலாம்.

கார்பெட் ரேட் சொல்லாத ஒன்று நிலம். இரண்டு வீட்டிலும் யூடிஎஸ், அதாவது பிரிபடாத நிலப்பங்கு, எவ்வளவு என்று கேளுங்கள். முதல் வீட்டுக்கு 430 சதுர அடி, இரண்டாவதுக்கு 505 என்று வைத்தால், சின்ன வீடு என்று நினைத்ததற்கு நிலம் அதிகம். தமிழ்நாட்டில் இந்தப் பங்கை வழக்கமாக சூப்பர் பில்ட்-அப் விகிதத்தில் பிரிப்பார்கள், அதனால் சரிபார்ப்பது சுலபம். இரண்டாவது கட்டடம் 10 கிரவுண்டு மனை, அதாவது 24,000 சதுர அடி. எல்லா வீடுகளின் சூப்பர் பில்ட்-அப் கூட்டு 48,000 என்றால், 1,010க்குரிய பங்கு சரியாக 505. சாலைக்கும் பூங்காவுக்கும் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்த நிலத்தை முதலில் கழித்துவிட்டுத்தான் இந்தக் கணக்கைப் போட வேண்டும். எல்லா வீடுகளின் யூடிஎஸ்ஸையும் கூட்டினால் மீதி நிலத்தின் பரப்பு வர வேண்டும். குறைவாக வந்தால் யாருக்கும் விற்காத நிலம் பில்டர் பெயரிலேயே நிற்கிறது என்று பொருள், அதற்கு எழுத்தில் விளக்கம் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டு பில்டருக்கும் ஒரே வார்த்தையில் இப்படிக் கேட்டு அனுப்புங்கள்: "இந்த எண்ணுள்ள வீட்டுக்கு ரெரா கார்பெட் ஏரியா, பால்கனி, யூட்டிலிட்டி, வெளிச்சுவர், பொது இடப் பங்கு ஆகியவற்றைச் சதுர அடியில் தனித்தனியாகவும், யூடிஎஸ் எவ்வளவு என்றும், பதிவுச் செலவு நீங்கலாகச் சாவி வாங்கும் வரை நாங்கள் கட்ட வேண்டிய எல்லாத் தொகைகளையும் ஜிஎஸ்டியோடும் எழுதித் தாருங்கள்." பதில் வந்ததும் மேலே உள்ள எண்களை எடுத்துவிட்டு அவற்றைப் போட்டுப் பாருங்கள். கார்பெட்டை மட்டும் எழுதாமல் மழுப்பினால், ரெரா பதிவில் உள்ள எண்ணை வைத்தே வகுத்துக்கொண்டு அதை அவர்களிடம் காட்டுங்கள். பேரம் அங்கிருந்து தொடங்கட்டும்.